பார்வையற்றவரைப் பார்த்ததும் முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்: படிப்படியான வழிகாட்டி

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு ஆசிரியை. எங்கள் ஸ்டாஃப் ரூமில் எனக்கு அடுத்த மேஜை வரலாற்று ஆசிரியருடையது. அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அவரை இங்கே செல்வம் சார் என்று வைத்துக்கொள்கிறேன், நிஜப் பெயர் அது இல்லை. எட்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

நான் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருநாள், மூன்றாவது பீரியடில், விடைத்தாள் கட்டை எடுக்க ஸ்டாஃப் ரூமுக்குள் போனேன். சார் மட்டும் இருந்தார், போனில் பேசிக்கொண்டிருந்தார். தொந்தரவு செய்யக்கூடாது என்று செருப்பைக்கூட வாசலில் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி நடந்து போய் பீரோவைத் திறந்தேன். அவர் தன் தம்பியிடம் ஒரு கடன் விஷயமாக, வெளியார் காதில் விழக்கூடாத பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார். பீரோ கதவு கிறீச்சிட்டது. சட்டென்று நிறுத்தி, "யாரு?" என்றார். "நான்தான் சார்" என்றேன். அந்த மாதத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று பேர், மூவரும் பெண்கள். அவர் முகம் சுருங்கிப் போனது. "நான்தான்னா யாரும்மா?"

நான் மரியாதை என்று நினைத்துச் செய்த மௌனம் அவருக்கு ஒட்டுக்கேட்டதாகிவிட்டது. கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அன்றைக்குப் பிறகு அவரிடமும், அவர் வழியாக அறிமுகமான நண்பர்களிடமும் கற்றுக்கொண்டது.

முதல் படி: அவர் பெயர், பிறகு உங்கள் பெயர், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்

நம் ஊர் வணக்கத்தில் பாதி சத்தமே இல்லாதது. கைகூப்புவோம், தலையை ஆட்டுவோம், புருவத்தைத் தூக்குவோம், ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போவோம். வாய்திறந்து சொல்கிற மீதிப் பாதியும் "என்ன சார், சாப்டாச்சா?" என்றுதான் ஆரம்பிக்கும். யார் கேட்கிறார்கள், யாரைக் கேட்கிறார்கள் இரண்டுமே அதில் இல்லை. கண் தெரிந்தவருக்கு அது போதும், பார்வை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பார்வையற்றவருக்கு அது காற்றில் மிதக்கிற ஒரு கேள்வி. ஆறு 'சார்'கள் உட்கார்ந்திருக்கிற அறையில் "குட்மார்னிங் சார்" என்று சொன்னால், அது தனக்கா அடுத்தவருக்கா என்று தெரியாமல் அவர் சும்மா இருப்பார். நீங்கள் வெளியே போய், "அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்" என்பீர்கள்.

ஆகவே வாக்கியம் இப்படி அமைய வேண்டும்: "செல்வம் சார், நான் கணக்கு டீச்சர் மீனா. குட்மார்னிங்."

அவர் பெயர் முன்னால் வருவதற்குக் காரணம் இருக்கிறது. கூச்சலுக்கு நடுவே மனிதக் காது எதைப் பிடிக்கும் என்று பார்க்க, நெவில் மோரே என்ற உளவியலாளர் 1959இல் ஒரு சோதனை செய்தார். இரண்டு காதிலும் வேறு வேறு பேச்சைக் கேட்கவைத்து, ஒன்றை மட்டும் கவனிக்கச் சொன்னார். மற்றக் காதில் ஓடியது ஏறக்குறைய எதுவும் மனதில் நிற்கவில்லை. ஆனால் அந்தப் பக்கம் தங்கள் சொந்தப் பெயர் வந்தபோது சுமார் மூன்றில் ஒரு பங்கினர் அதைக் கவனித்துவிட்டார்கள். வேறு நினைவில் இருக்கிறவரை இழுக்கப் பெயரைவிட நல்ல கயிறு கிடையாது என்பதும், அதுவும் எல்லா நேரமும் இழுக்காது என்பதும் இரண்டுமே இதில் தெரிகிறது.

அதனால் அவர் பெயரைச் சொன்னதும் ஒரு மூச்சு நிறுத்துங்கள். தலை திரும்பும், அல்லது "ம்?" என்று வரும், அல்லது கை வேலையை நிறுத்தும். அதன்பிறகு உங்கள் பெயர். ஒரே ஓட்டமாக "செல்வம்சார்நான்மீனா" என்று சொன்னால், அவர் காது உங்கள் பக்கம் திரும்புவதற்குள் உங்கள் பெயர் ஓடிப்போயிருக்கும். பேச்சில் முதலில் தொலைவது ஆரம்பத்து வார்த்தைதான். தொலைகிற இடத்தில் உங்கள் பெயரை வைக்காதீர்கள்.

அவர் பெயர் தெரியாத இடத்தில், பேருந்து நிறுத்தத்திலோ வங்கி வரிசையிலோ, பெயருக்குப் பதிலாக அவரை மட்டும் குறிக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். "சார், கட்டம்போட்ட சட்டை" என்றால் ஆகாது. சட்டையின் நிறம் சிலருக்குத் தெரிந்திருக்கும், சிலருக்குத் தெரியாது. "ஸ்டிக் வச்சிருக்கிற சார், உங்களைத்தான், உங்க வலதுபக்கம் நிக்கிறேன்" என்பது சரியாகப் போய்ச் சேரும்.

இரண்டாவது படி: பெயரோடு ஒரு பிடி

"நான் குமார்" என்றால் எந்தக் குமார்? தமிழ்நாட்டில் ஒருவருக்கு நான்கு குமாராவது தெரிந்திருக்கும். பெயரோடு அவர் உங்களை எங்கே வைத்து அறிந்தாரோ அந்த இடத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். "பேங்க்ல மூணாவது கவுண்டர் குமார்." "தேனியில ட்ரெயினிங்ல ஒண்ணா இருந்தோமே, அந்த குமார்." இடம் மாறிச் சந்திக்கும்போது இது இன்னும் முக்கியம். வங்கியில் தினம் கேட்ட குரல் கல்யாண மண்டபத்தில் கேட்டால் சட்டென்று பிடிபடாது. நமக்கும் அப்படித்தானே, பால்காரரைக் கோயிலில் பார்த்தால் ஒரு நிமிடம் முழிக்கிறோம்.

"பார்வையில்லாதவங்களுக்குக் குரல் வச்சே எல்லாம் தெரிஞ்சிடும்" என்ற நம்பிக்கைதான் இந்தப் படியைத் தவறவைக்கிறது. தினமும் பேசுகிற இருபது முப்பது பேரின் குரல் நிச்சயம் தெரியும். சளி பிடித்தால், முகக்கவசம் போட்டால், மின்விசிறி கடகடத்தால், இரண்டே வார்த்தை பேசினால் அந்தக் குரலும் நழுவும். நன்கு பழகிய முகத்தைக்கூட இருட்டில், தூரத்தில், பின்பக்கம் பார்த்தால் நாம் தவறவிடுவதில்லையா, அதே கணக்கு.

இதிலிருந்து பிறக்கிற ஒரு விளையாட்டு இருக்கிறது, பார்வையற்ற நண்பர்கள் யாரைக் கேட்டாலும் பல்லைக் கடிப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு, "நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்!" அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் பத்துப் பேர் முன்னால் ஒரு பரீட்சை வைத்தாகிவிட்டது. தப்பாகச் சொன்னால் கேட்டவருக்கு வருத்தம், சொல்லாவிட்டால் "என்னை மறந்துட்டீங்களா?" என்று ஒரு தாங்கல். செல்வம் சார் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்: "தெரியலையே. நீங்களே சொல்லிட்டா ரெண்டு பேருக்கும் நேரம் மிச்சம்."

எல்லோராலும் அப்படிச் சொல்ல முடியாது. பலர் தெரிந்த மாதிரியே சமாளித்துவிடுவார்கள். அதை நீங்கள் கண்டுபிடிக்கலாம். பதில்கள் யாருக்கும் பொருந்துகிற மாதிரி வரும்: "ஆமாமா, நல்லா இருக்கேன்", "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?", "வேலையெல்லாம் எப்படிப் போவுது?" உங்கள் பெயர் வராது. உங்கள் பிள்ளையின் பெயர் வராது. 'நீங்க'வா 'நீ'யா என்பதில்கூட ஒரு தயக்கம் இருக்கும், சில பேர் இரண்டையும் தவிர்த்தே வாக்கியத்தை முடிப்பார்கள். அந்தத் தயக்கம் காதில் விழுந்தால் கேலி செய்யாமல் பேச்சோடு பேச்சாகப் பெயரைச் செருகிவிடுங்கள். "எங்கம்மாகூட நேத்து கேட்டாங்க, மீனா, செல்வம் சார் எப்படி இருக்காருன்னு." அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் மூச்சை விடுவது உங்களுக்கே கேட்கும்.

தினமும் பார்க்கிறவர்கள் எவ்வளவு நாள் இப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பது? நாங்கள் வைத்திருக்கிற ஏற்பாடு: காலையில் முதல் தடவையும், வெளியே போய்த் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஒற்றைச் சொல். "மீனா, சார்." நாற்காலியை இழுப்பதற்கு முன்னால் அது வந்துவிடும். இப்போது இதுகூட வேண்டாம், உங்கள் வளையல் சத்தமே போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான்தான் விடவில்லை, வளையலை மாற்றுகிற நாளும் உண்டே. ஆனால் ஒருவர் "உங்க குரல் தெரியும், சொல்லவேணாம்" என்றால் விட்டுவிடுவதுதான் நியாயம். அடுத்தவருக்கும் அதுவே போதும் என்று கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

மூன்றாவது படி: எந்த நேரத்தில், எங்கிருந்து

வெள்ளைக்கோலோடு சாலையைக் கடக்க நிற்கிறவர் சும்மா நிற்கவில்லை. எந்தப் பக்கத்து வண்டி நின்றது, எது கிளம்புகிறது என்று காதால் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். படி இறங்குகிறவர் கோல் நுனியில் அடுத்த படியைத் தேடிக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் "சார், நான் மீனா!" என்று ஓடிவந்தால் நீங்கள் அந்தக் கணக்கைக் கலைக்கிறீர்கள். அவர் மறுபக்கம் ஏறட்டும், கடைசிப் படி இறங்கட்டும். ஆபத்து கண்ணெதிரே இருந்தால் மட்டும் பெயர், மரியாதை எல்லாவற்றையும் விட்டுவிட்டு "நில்லுங்க!" என்று கத்துங்கள். "பாத்து, பாத்து!" என்று கத்தினால் அவருக்கு ஒன்றும் புரியாது.

காதில் இயர்போன் இருந்தால், அநேகமாகக் கைபேசியில் டாக்பேக் அல்லது கணினியில் என்விடிஏ என்ற மென்பொருள் திரையில் உள்ளதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கும். அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பார்கள், நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகம். பெயரைச் சொல்லிவிட்டு, ஓடுவதை அவர் நிறுத்துகிற வரை காத்திருங்கள்.

தூரம் என்றால், சாதாரணமாகப் பேசுகிற குரல் கேட்கிற இரண்டு மூன்று அடி. முன்னால் வந்து, அல்லது பக்கவாட்டில் வந்து, நின்றபின் பேசுங்கள். நடந்துகொண்டே சொன்னால் உங்கள் குரல் எங்கே போய் நிற்கும் என்று அவருக்குத் தெரியாது. பின்னாலிருந்து சொன்னால் அவர் முழுதாகத் திரும்பியாக வேண்டும், திரும்பியதில் தான் போகவேண்டிய திசையைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. குரலைக் கூட்ட வேண்டாம், காது நன்றாகவே கேட்கிறது.

எங்கள் ஊரில் அடிக்கடி நடப்பது இது. பைக்கில் போகிற பழைய மாணவன் ஹாரன் அடித்து, "சார், வணக்கம்!" என்று கத்திவிட்டுப் போய்விடுவான். சார் நின்று, கையை உயர்த்தி, "யாருப்பா?" என்று சிரித்தபடி திரும்புவார். பைக் அதற்குள் முக்கு திரும்பியிருக்கும். அவர் யாருமில்லாத சாலையைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்பதை டீக்கடை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும். வண்டியை நிறுத்த நேரமில்லையென்றால் வணக்கம் வேண்டாம், போய்விடலாம். சாயங்காலம் போன் பண்ணிப் பெயர் சொல்லிப் பேசினால் போயிற்று.

நான்காவது படி: குரல் எட்டாத இடத்தில் தொடுவது

மேளமும் நாதஸ்வரமும் ஓங்குகிற மண்டபத்தில் பெயரைக் கத்தினாலும் விழாது. அங்கே புறங்கையால் அவர் புறங்கையிலோ முன்கையிலோ லேசாக ஒரு தொடுதல். அவர் காது உங்கள் பக்கம் சாயும். அப்போது பெயர். தோளைப் பின்னாலிருந்து தட்டுவதும், கோலைப் பிடிப்பதும் கூடாது. கோலைப் பிடித்தால் அவர் வழியைப் பிடித்த மாதிரி.

கைகுலுக்க நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இருந்தும் நீட்டுகிறோம். "கை குடுக்குறேன் சார்" என்று சொல்லிவிட்டு நீட்டினால் அவரும் நீட்டுவார். அவர் கையை நீங்களாக இழுத்து எடுத்துக் குலுக்க வேண்டாம்.

ஐந்தாவது படி: கூட யார் இருக்கிறார்கள்

இந்தப் படியைத்தான் பழகினவர்களும் கோட்டைவிடுகிறார்கள். நீங்கள் பெயர் சொல்லிவிட்டீர்கள், ஆனால் உங்களோடு இன்னும் இரண்டு பேர் வாய்திறக்காமல் நிற்கிறார்கள். பார்வையற்றவர் உங்களிடம் மட்டும் பேசுவதாக நினைத்துப் பேசுகிறார். என் பீரோ கதையின் இன்னொரு வடிவம் இது.

போன ஜூனில் நடந்ததைச் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்பில் சேர ஒரு பையன், அவன் அப்பா, கூட அத்தை ஒருவர் வந்தார்கள். செல்வம் சார் வகுப்பாசிரியர். நான் அழைத்துப் போனேன். "செல்வம் சார், மீனா. என்கூட மூணு பேர் இருக்காங்க, புது அட்மிஷன். அவங்களே பேர் சொல்லுவாங்க." பிறகு நான் வாயை மூடிக்கொண்டேன். ஒவ்வொருவரும் தன் பெயரைத் தன் குரலில் சொன்னால்தான் பெயரும் குரலும் ஒட்டும். நானே மூன்று பெயரையும் அடுக்கிவிட்டால் அவருக்குக் கிடைப்பது மூன்று பெயரும் என் ஒரு குரலும்தான். அப்பா சொன்னார், அத்தை சொன்னார். பையன் கூச்சத்தில் அப்பாவின் பின்னால் ஒதுங்கினான். சார் காத்திருந்தார். "தம்பி பேரு இன்னும் வரலையே" என்றதும் அவன் ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொன்னான். அப்பா என்னைப் பார்த்து, "சார் டீ குடிப்பாரா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சாரே, "சர்க்கரை கம்மியா இருந்தா குடிப்பேன்" என்றார். இனி எதையும் நேராக அவரிடமே கேட்க வேண்டும் என்று அந்த அப்பாவுக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

வகுப்பிலும் இதே முறைதான். பதில் சொல்லும் முன், கேள்வி கேட்கும் முன், பெயர். புதிதாக வந்த ஆண்டில் ஒரு பையன் விளையாட்டாகப் பக்கத்துப் பையனின் பெயரைச் சொல்லியிருக்கிறான். "அந்தப் பேருக்காரன் ஜன்னலோரம் உக்காருவான், சத்தம் கதவுப் பக்கத்துலேர்ந்து வருதே" என்றாராம் சார். பெயர், குரல், திசை மூன்றையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார். அதனால்தான் ஒரே ஒரு தடவை பேசிவிட்டு, சொல்லாமல் இடம் மாறி உட்கார்ந்தால் அவருக்குக் குழப்பம்.

பார்க்கிற மாதிரி இருந்தால்?

"அவர் போன்ல படிக்கிறாரே, என்னைப் பார்த்துட்டுப் பேசாமப் போறாரே" என்ற புகார் குறைபார்வை உள்ளவர்கள்மேல் அடிக்கடி வரும். நம் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பார்வைப்பரப்பு 10 பாகைக்கும் குறைவாக இருந்தால் அவர் பார்வையற்றவர். கையை நேரே நீட்டி முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் ஏறக்குறைய 10 பாகை. உலகமே அதற்குள்தான் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், கைபேசி எழுத்தைப் படிக்கிறவர் பக்கத்தில் நிற்கிற உங்களைக் காணாமல் போவது ஏன் என்று புரியும். இன்னொரு வகையில் நடுப்பார்வை போய் ஓரம் மட்டும் இருக்கும். அவர் தூணில் முட்டாமல் நடப்பார், எதிரில் நிற்கிற உங்கள் முகம் மட்டும் கலங்கலாகத் தெரியும். இவர்களிடமும் பெயரைச் சொல்லுங்கள். எவ்வளவு தெரிகிறது என்று சோதிக்க "இது எத்தனை விரல்?" கேட்க வேண்டாம், நாற்பது வயதுக்காரரிடம் அதைக் கேட்ட ஒருவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

கண்ணும் தெரியாமல் காதும் கேளாதவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் நேரடியாகப் பொருந்தாது. அங்கே தொடுதல்தான் பெயர். நீங்கள் யார் என்பதற்கு மோதிரம், கடிகாரம், உள்ளங்கையில் எழுதுகிற எழுத்து என்று ஒவ்வொருவரிடமும் ஒரு அடையாளம் இருக்கும். அதை அவரோடு பழகினவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

கடைசிப் படி: கிளம்பும்போதும்

வந்ததைச் சொன்னவர் போவதையும் சொல்ல வேண்டும். "சார், நான் கிளம்புறேன், பெல் அடிச்சிருச்சு." இல்லாவிட்டால் அவர் காலி நாற்காலியிடம் பேசிக்கொண்டிருப்பார், அதுவும் மற்றவர்கள் பார்க்க. ஒரு நிமிடத்துக்குத் தண்ணீர் குடிக்கப் போனாலும் "இதோ வரேன்", திரும்பியதும் "வந்துட்டேன், மீனா". கூட்டத்தில் விடைபெறும்போது அவரைத் தனியே அந்தரத்தில் விட்டுப் போகாமல், சுவரோ நாற்காலியோ இன்னொரு ஆளோ, கைக்கு எட்டுகிற ஏதாவது ஒன்றின் பக்கத்தில் விட்டுவிட்டுப் போங்கள்.

மறந்துவிட்டால்? மறப்போம். பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் கழித்துத்தான், பெயரே சொல்லவில்லை என்று உறைக்கும். அப்போது அதை விழுங்கிவிட்டுத் தொடராதீர்கள். "சார், பேரே சொல்லாம பேசிட்டிருக்கேன், நான் மீனா" என்று நடுவிலேயே சொல்லிவிடலாம். அமைதியாக நின்று எதையோ கேட்டுவிட்டீர்கள் என்றால், அதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு பீரோவிலிருந்து கட்டை எடுத்துக்கொண்டு நான் பேசாமல் வெளியே போய்விட்டேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் அவர் மேஜைக்கு முன்னால் நின்று, "செல்வம் சார், காலையில பீரோ தொறந்தது கணக்கு டீச்சர் மீனா. கடைசி ரெண்டு வரி காதுல விழுந்துருச்சு" என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு டப்பா மூடியை என் பக்கம் நகர்த்தி, "எலுமிச்சை ஊறுகாய், எடுத்துக்குங்கம்மா" என்றார்.